ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் பணம் கணக்கில் இருக்கிறதா?

ஈரோட்டில் வாட்ஸ்அப் வழியாகப் புடவை விற்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 14 அன்று 1,850 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வருகிறது. சற்று நேரத்தில் பச்சை டிக்குடன் ஸ்கிரீன்ஷாட்டும் வருகிறது, ஆனால் தொகை 18,500. உடனே போன்: "அக்கா, அவசரத்துல ஒரு சைபர் கூட அடிச்சிட்டேன். மீதி 16,650-ஐ இந்த நம்பருக்குப் போட்டு விடுங்க, ஆஸ்பத்திரியில நிக்கிறேன்." கூடவே 18,500 வரவு என்று வங்கி அனுப்பியது போலவே ஒரு எஸ்எம்எஸ்.

யுபிஐயில் பணம் அனுப்பினால் முதலில் அனுப்புபவரின் வங்கி கழிக்கும், பிறகு யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் கணினி வழியாகப் பெறுபவரின் வங்கி வரவு வைக்கும். ஸ்கிரீன்ஷாட் இந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. அது அனுப்புபவரின் போனில் தெரிந்த படம், அவ்வளவுதான். பெயரும் தொகையும் தட்டினால் அதே டிக்கை, அதே ஓசையோடு காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. படம் உண்மையாகவே இருந்தாலும் பரிவர்த்தனை நிலுவையில் நின்றிருக்கலாம்.

படத்தில் ஒரு துப்பு கிடைக்கும். யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணாகவும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். ஆகஸ்ட் 14, 226-வது நாள். ஆக எண் 5226 என்று தொடங்க வேண்டும். 5198 என்று இருந்தால் ஜூலை 17-ஆம் தேதிப் படத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆனால் விவரம் தெரிந்த மோசடிக்காரர் இதையும் சரியாகவே போடுவார். எண் பொருந்தியதால் மட்டும் நம்பிவிட முடியாது.

எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். வங்கிச் செய்தி எழுத்துகளாலான அனுப்புநர் பெயரில் வரும். சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் போலி என்றே கொள்ளலாம்.

சரி, எதை நம்புவது? நம் வங்கிச் செயலியை நாமே திறந்து, பரிவர்த்தனைப் பட்டியலில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. அவர் அனுப்பும் லிங்க் எதையும் தட்ட வேண்டாம். பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

சில நேரம் 18,500 நிஜமாகவே வந்துவிடும். அதுதான் சிக்கலான வகை. வேறொருவரை ஏமாற்றிய பணமாக அது இருக்கலாம். 16,650-ஐ நாம் வேறொரு எண்ணுக்கு அனுப்பிவிட்ட பிறகு, பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால் முடங்குவது நம் கணக்கு. ஆகவே பணத்தைத் தொடாமல் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே அவர்கள் மூலம் திருப்பச் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தும் ஆளிடம் "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், அவர்கள் கேட்டால் ஒத்துழைக்கிறேன்" என்றால் போதும்.

ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in-இல் பதிவு செய்யலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.