இறங்கும் வண்டியா, ஏறும் வண்டியா: பிரதியில் போடாமல் விட்ட ஒரு கோடு

சேலத்தில் ஒலிப்பதிவுக்கான பிரதிகளை எழுதிக் கொடுப்பதும், பேசுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவை முடிப்பதும் என் வேலை. ஆட்டோ விளம்பரம், கோயில் விழா அறிவிப்பு, சுகாதார அறிவிப்பு என்று எல்லாம் வரும். ஒரு கோடை சீசனில் ஏற்காட்டுக்கு ஒரு சாலைப் பாதுகாப்பு அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. சுமையோடு ஏறும் வண்டி வளைவில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவது கஷ்டம். அதை ஒரே வரியில் இப்படி எழுதியிருந்தேன்:

மலைப்பாதையில் இறங்கும் வாகனங்கள் ஏறும் வாகனங்களுக்குக் கட்டாயம் வழிவிட வேண்டும்.

இலக்கணப் பிழை இல்லை. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கணீரென்ற குரல், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மறுநாள் ஏரிக்கு அருகே மைக் கட்டிய வண்டியில் அது ஓடியது. ஐம்பது அடி தள்ளி ஒரு டீக்கடையில் நின்றிருந்த வேன் ஓட்டுநரிடம், "அண்ணா, மைக்கில் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "இறங்குற வண்டி, ஏறுற வண்டி எல்லாம் வழி விட்டுப் போகணுமாம் தம்பி" என்றார். அவர் கவனிக்காமல் இல்லை. காதில் விழுந்தது அதுதான்.

பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது காரணம் புரிந்தது. அவர் "இறங்கும் வாகனங்கள் ஏறும் வாகனங்களுக்கு" வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மூச்சு வாங்கியிருக்கிறார். ஒரே அமைப்பில் இரண்டு சொற்றொடர்கள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வந்தால் காது அதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். யார் யாருக்கு விட வேண்டும் என்பதைச் சொல்வது 'க்கு' என்ற ஒரு சின்ன உருபு மட்டும்தான். மைக்கில் அது கரைந்து போய்விட்டது. கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்த்துப் புரிந்துகொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது.

எழுத்தில் எழுவாய்க்குப் பிறகு நாம் காற்புள்ளி போடுவதில்லை, போடவும் கூடாது. ஆனால் பேச்சில் அங்கேதான் நிறுத்தம் வேண்டும். ஆகவே நிறுத்தக் குறியைக் காற்புள்ளியை நம்பி விடாமல் தனியாகப் போட வேண்டும். நான் பென்சிலில் இரண்டே குறிதான் போடுவேன். ஒரு சாய்கோடு என்றால் குரல் நிற்கும், மூச்சு வாங்காது, ஏறக்குறைய அரை விநாடி. இரண்டு சாய்கோடு என்றால் மூச்சு வாங்கலாம், ஒரு விநாடி. பென்சில் ஏன் என்றால், முதல் ஒத்திகையில் பாதிக் கோடுகள் இடம் மாறிவிடும். திருத்திய வரி இது:

மலைப்பாதையில் இறங்கும் வாகனங்கள் // ஏறும் வாகனங்களுக்கு / கட்டாயம் வழிவிட வேண்டும்.

'வாகனங்களுக்குக்' என்பதில் இருந்த க் இப்போது இல்லை, கவனித்தீர்களா? வல்லினம் மிகுந்தால் இரண்டு சொல்லும் ஒட்டி வருகின்றன என்று பொருள். அந்த ஒற்றை எடுக்காமல் அப்படியே வைத்துப் பக்கத்தில் கோடு போட்டால், பேசுபவரின் நாக்கு அடுத்த க-வுக்குத் தயாராகி மூடிக்கொள்ளும். ஒன்று நிறுத்தத்தை விழுங்கிவிடுவார், இல்லையென்றால் 'க்' என்று ஒரு விக்கலோடு நிற்பார். கோடு போடும் இடத்தில் ஒற்றை அடித்துவிடுங்கள். நல்ல தமிழாசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். எங்கள் ஆசிரியரும் "ஒற்று விட்டுப்போச்சே" என்றார். "அந்த இடத்துல நிக்கிறோம் ஐயா, சேர்ந்து வரலையே" என்றதும் யோசித்துவிட்டு, "சரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அழுத்தத்துக்கு அடிக்கோடு. ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும், அதற்கு மேல் போட்டால் எல்லாமே கத்தலாகிவிடும். விதிவிலக்கு, இங்கே இருப்பதுபோல ஒன்றுக்கொன்று எதிரான ஜோடி. 'இறங்கும்', 'ஏறும்' இரண்டுக்கும் அடிக்கோடு போட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லக் கூடாது. 'இறங்கும் வாகனங்கள்' என்ற இடத்தில் குரல் சற்று மேலே நிற்க வேண்டும், பேச்சு இன்னும் முடியவில்லை என்று கேட்பவருக்குத் தெரிய. அங்கே குரலைக் கீழே இறக்கிவிட்டால், ஒரு விநாடி நிறுத்தம் வாக்கியம் முடிந்ததுபோல ஒலிக்கும். அதற்காகக் கோட்டின் மேல் ஒரு சின்ன மேல்நோக்கிய அம்பு போடுகிறேன்.

அழுத்தம் என்றதும் பலர் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் சத்தம் கூடினால் இரைச்சல்தான் கூடும். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லி, அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டாலே அது தனியாகத் தெரியும். அதே அறிவிப்பில் "ஒதுங்கி நிற்க வேண்டியது நீங்கள்தான்" என்று ஒரு வரி இருந்தது. ஆசிரியர் 'தான்' மேல் அழுத்தம் வைத்தார், பெரும்பாலானோர் அப்படித்தான் வைக்கிறார்கள். தான், ஏ, மட்டும் போன்றவை எழுத்திலேயே அழுத்தத்தைச் செய்துவிடுகின்றன. குரல் விழ வேண்டியது அவற்றுக்கு முன்னால் இருக்கும் சொல் மேல். 'நீங்கள்' என்பதன் கீழே கோடு போட்டதும், கேட்பவரைக் கூப்பிட்டுச் சொல்வதுபோல ஆகிவிட்டது. 'மட்டும்' சில சமயம் இதற்கு மாறு. "பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்" என்ற அடுத்த வரியில் அழுத்தம் 'பிரேக்கை' மேல் விழுந்தால், பிரேக்கையே நம்ப வேண்டாம் என்பதுபோல ஒலிக்கிறது. இங்கே 'மட்டும்' கீழேதான் கோடு வேண்டும்.

அந்த வரியில் இன்னொரு ஆபத்தும் இருந்தது, குறி போட்டும் தீராத ஆபத்து. தமிழில் 'வேண்டாம்', 'கூடாது' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. அந்த இடத்தில்தான் மூச்சு தீர்ந்து குரல் தணிகிறது. 'இறங்காதீர்கள்' என்பதற்கும் 'இறங்குங்கள்' என்பதற்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு மைக்கில், ஒரு பஸ் கடந்து போகும் நேரத்தில், காணாமல் போகும். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டு, மூச்சை மிச்சம் வைக்கச் சொல்லிப் பார்த்தோம். ஓரளவு தேறியது, போதவில்லை. அப்புறம் வாக்கியத்தையே மாற்றினேன்:

எந்த கியரில் ஏறுவீர்களோ / அதே கியரில் / இறங்குங்கள்.

அடிக்கோடு 'அதே' கீழே. தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும் என்பதை அடுத்த வாக்கியத்தில் தனியாகச் சொன்னோம். எதிர்மறை இல்லாததால் கடைசி எழுத்து கரைந்தாலும் பொருள் தலைகீழாகாது.

பதிவுக்கு அனுப்பும் முன் இப்போதெல்லாம் ஒரு சோதனை செய்கிறேன். செல்போனில் பதிந்து, குழாயைத் திறந்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்கச் சொல்வேன். கேட்பவர் விஷயம் தெரியாதவராக இருக்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதில்லை, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "என்ன செய்யச் சொல்கிறார்கள், சொல்லுங்கள்" என்று கேட்பேன். அவர் எந்த இடத்தில் மாற்றிச் சொல்கிறாரோ அங்கே கோடு வேண்டும், அல்லது வேறு வாக்கியம் வேண்டும். திறந்த வெளியில் ஓடப்போகும் பதிவு என்றால் நிறுத்தங்களை இன்னும் நீட்டுவேன். மலைச் சரிவில் எதிரொலி அடங்கும்வரை அடுத்த சொல்லைத் தொடங்கக் கூடாது. அரை விநாடிக் கோடு அங்கே ஒரு விநாடியாகிறது, ஒரு விநாடி இரண்டாகிறது. ஒலிப்பதிவு அறையில் கேட்கும்போது அது இழுவையாகத்தான் இருக்கும், ஆசிரியருக்கும் அப்படித்தான் இருந்தது. திருத்திய பதிவு ஓடிய ஞாயிறன்று அதே டீக்கடையில் வேறொரு ஓட்டுநரிடம் கேட்டேன். "நாமதான் நின்னு வழி விடணுமாம்" என்றார், மலை இறங்கக் கிளம்பிக்கொண்டே.