ஈஸி ரன் என்றால் எத்தனை துடிப்பு?

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் காலையில் ஓடுகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "தினமும் ஓடுறேன் சார், வேகம் கூடல, கெண்டைக்கால் வலி மட்டும் போகல."

தேவகோட்டையிலிருந்து வந்த 46 வயதுக் கடைக்காரர் ஒருவரும் இதையே சொன்னார். அவருடைய வாட்சைப் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாளும் இதயத் துடிப்பு 155, 160 என்றே இருந்தது. அவருக்கு அது நடுவாந்தரமான உழைப்பு. உடம்பு தேற வேண்டிய நாளுக்கு அது அதிகம், வேகம் கூட்ட வேண்டிய நாளுக்கு அது போதாது.

மெதுவாக ஓட அவர் முயலாமல் இல்லை. 220-இலிருந்து வயதைக் கழித்து அவருடைய உச்சத் துடிப்பு 174 என்று வாட்ச் போட்டிருந்தது. அதில் 70 சதவீதம் 122. அந்த எண்ணில் அவரால் நடக்கத்தான் முடிந்தது, அதனால் விட்டுவிட்டார். அந்தக் கணக்கு சராசரிதான், தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். 10 கிலோமீட்டர் போட்டி ஒன்றின் கடைசி ஓட்டத்தில் மார்புப் பட்டை இவருக்கு 182 காட்டியிருந்தது. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடி 62. இரண்டுக்கும் வித்தியாசம் 120. அதில் 70 சதவீதம் 84, அதோடு 62-ஐக் கூட்டினால் 146. ஈஸி நாளில் அவர் தாண்டக் கூடாத எல்லை அதுதான். அந்த வேகத்தில் கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

"இவ்வளவு மெதுவா ஓடினா பார்க்கிறவங்க சிரிப்பாங்களே சார்" என்றார். சிரிக்கட்டும், கெண்டைக்கால் தேறட்டும் என்றேன்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடியுமுன் 140-இல் தொடங்கும் ஓட்டம், வெயில் ஏறியதும் அதே வேகத்தில் 150-ஐத் தாண்டும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், வியர்வையில் நீரும் குறைகிறது, அதனால் இதயம் கூடுதலாக அடிக்கிறது. அப்போது வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். ஆனால் ஓடத் தொடங்கியதுமே மூச்சு வாங்காமல் வாட்ச் 170 காட்டினால் பயப்பட வேண்டாம். கையில் கட்டும் வாட்ச் சில சமயம் துடிப்புக்குப் பதிலாகக் காலடிகளை எண்ணிவிடும். நின்று, 15 விநாடி நாடி பார்த்து நான்கால் பெருக்கினால் தெரிந்துவிடும்.

கடினமான நாள் அவருக்கு வாரம் ஒன்று போதும். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நான்கு நிமிட வேக ஓட்டம், மூன்று நிமிட மெது ஓட்டம், இப்படி நான்கு சுற்று. வேக ஓட்டத்தில் இலக்கு 164 முதல் 170. முதல் நிமிடத்தில் எண் ஏறாது, இதயம் சற்றுப் பின்தங்கித்தான் வரும். அதைத் துரத்திப் பாய்ந்தால் நான்காம் சுற்றில் கால் ஓய்ந்துவிடும்.

பிரஷருக்கு மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது, மாத்திரை துடிப்பை ஏறவிடாது. அவர்கள் பேச்சு வருகிறதா என்பதை வைத்தே ஓடட்டும், வேக ஓட்டத்துக்கு முன் மருத்துவரைக் கேட்கட்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் எவராக இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.