மருந்து அடித்த நாளில் மட்டும் இரையும் ரேடியோ

கோபி பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் தன் ரேடியோவை மூன்றாவது தடவையாகக் கடைக்குக் கொண்டு வந்தார். சாயங்காலச் செய்தி நேரத்தில் கோவை நிலையத்தை வைத்தால் ‘ர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல். என் மேசையில் வைத்தால் அதே 999 கிலோஹெர்ட்ஸ் சுத்தமாகப் பேசுகிறது. “ஏனுங்க தம்பி, பெட்டி போயிருச்சுங்களா? புதுசே வாங்கிக்கறதுங்களா?” என்றார். ரேடியோவில் கோளாறே இல்லை, அவர் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லி, அன்றைக்குச் சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ரேடியோவைப் பேட்டரியில் ஓட விட்டு, நிலையம் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தினேன். இரைச்சல் இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்ததும் சட்டென்று நின்றது. சரி, வெளியிலிருந்து வரவில்லை. சுவிட்சை மறுபடி போட்டு, ரேடியோவைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நடந்தேன். ஆசாரத்தில் இருந்த செல்போன் சார்ஜர் பக்கம் கொஞ்சம்தான் கூடியது. கட்டுத்தறி ஓரமாகப் போனபோது காது வலிக்கும் அளவுக்குக் கத்தியது. அங்கே பேட்டரி ஸ்பிரேயர் சார்ஜில் கிடந்தது. வாழைக்கு மருந்து அடித்த நாளில் மட்டும் சாயங்காலம் சார்ஜ் போடுவார்களாம். ‘சில நாள் இரையுது, சில நாள் இல்லை’ என்று அவர் சொன்னதன் காரணம் அதுதான்.

இன்றைய சார்ஜர்களில் பழைய கனமான டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் ஏ.சி.யை முதலில் டி.சி.யாக மாற்றுகிறது, அது 325 வோல்ட் வரை போகும். பிறகு அதை நொடிக்கு அறுபது எழுபதாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சின்ன டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகிறது. இப்படி வேகமாக வெட்டுவதால்தான் சார்ஜர் உள்ளங்கையில் அடங்குகிறது. ஆனால் ஒவ்வொரு வெட்டும் கத்தி முனை போலக் கூர்மையானது. அதனால் 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் 130, 195 என்று அதன் மடங்குகளிலும் சத்தம் கிளம்பும். பதினைந்தாவது மடங்கு 975, அடுத்தது 1040. கோவை நிலையம் இரண்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது, தப்பித்துக்கொள்ளாதா என்று தோன்றும். தப்பாது. வெட்டும் வேகம் ஒரே சீராக நிற்பதில்லை. இரண்டு கிலோஹெர்ட்ஸ் முன்னே பின்னே ஆடினால், பதினைந்தாவது மடங்கில் அது முப்பது கிலோஹெர்ட்ஸ் ஆட்டமாகிவிடும். 999 அதற்குள் சிக்கிவிடுகிறது.

அந்தச் சத்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் ஒயர்கள்தான். சார்ஜருக்கு இந்தப் பக்கம் வீட்டு வயரிங், அந்தப் பக்கம் ஸ்பிரேயருக்குப் போகும் ஒயர். இரண்டும் சேர்ந்து ஏரியல் மாதிரி வேலை செய்யும். சார்ஜர் கட்டுத்தறியில் இருந்தாலும் திண்ணையில் ரேடியோ இரைந்ததற்கு அதுவே காரணம்.

கடைக்குக் கொண்டுவந்து சார்ஜரைப் பிரித்துப் பார்த்தேன். (நீங்கள் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.) மின்சாரம் நுழைகிற இடத்தில், இரைச்சல் வெளியே போகாமல் தடுக்கும் சோக் காயிலுக்காக போர்டில் படம் வரைந்து துளையும் போட்டிருந்தார்கள். காயிலுக்குப் பதில் வெறும் கம்பித் துண்டு இரண்டைப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய நீல நிற வில்லைக் கப்பாசிட்டரும் இல்லை. தப்பிக் கிளம்பும் இரைச்சலைத் திரும்ப உள்ளேயே சுற்றவைப்பது அதுதான். சில ரூபாயை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஸ்பிரேயருக்கு சார்ஜ் ஏறத்தான் செய்யும், அதனால் வாங்கியவருக்குச் சந்தேகமே வராது.

பி.ஐ.எஸ். முத்திரை இருந்தால் போதுமா என்று கேட்பார்கள். சார்ஜரில் இருக்கும் அந்த முத்திரை முக்கியமாக ஷாக், தீ போன்ற பாதுகாப்பைப் பற்றியது. ரேடியோ இரையாது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. என் அனுபவத்தில், ஒரே அளவுள்ள இரண்டு சார்ஜர்களில் கையில் கனமாக இருப்பதை எடுப்பது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

ஒயரில் ஓடும் இரைச்சலை அடக்க ஃபெரைட் வளையமும் பயன்படும். ஆனால் ஒயர் மேல் ஒன்றைக் கவ்விவிட்டால், கோவை நிலையம் வரும் மீடியம் வேவில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பெரிய வளையமாக வாங்கி, ஒயரை அதற்குள் ஏழெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். எஃப்.எம்.முக்கு இந்தத் தொல்லை குறைவு. அவ்வளவு உயரத்துக்குப் போவதற்குள் மடங்குகள் தேய்ந்துவிடும். வைஃபை மெதுவாக ஓடினால் சார்ஜரைக் குற்றம் சொல்ல அநேகமாக இடமில்லை. கேட் ரிமோட் கதை வேறு. ரிசீவருக்கே மட்டமான அடாப்டர் போட்டிருந்தால், இருபதடி தள்ளி வேலை செய்த ரிமோட்டைப் பக்கத்தில் வந்து அழுத்த வேண்டிவரும். அடாப்டரை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரியவருக்குச் சோக் காயில் இருக்கிற சார்ஜராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். இப்போது மருந்து அடித்த நாளிலும் செய்தி கேட்கிறார். ஆசாரத்து எல்.இ.டி. பல்பைப் போட்டால் லேசாக ஒரு ‘உஸ்’ வருகிறதாம். “அதுக்கு நான் திண்ணைக்கு வந்துக்கறனுங்க தம்பி” என்றார்.