ராத்திரியில் மட்டும் ஏன் அரிக்கிறது? கீரிப்பூச்சி ஒரு வீட்டுக்குள் சுற்றும் கதை

பகலெல்லாம் நன்றாக ஓடியாடிய குழந்தை, தூங்கி இரண்டு மணி நேரம் ஆனதும் புரண்டு புரண்டு படுக்கிறது, அரைத்தூக்கத்திலேயே கையைப் பின்னால் கொண்டுபோய் ஆசனவாயைச் சொறிகிறது, சில நாள் எழுந்து உட்கார்ந்து அழுகிறது. காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. "மிட்டாய் தின்னாதே, பூச்சி வரும்னு சொன்னேனே" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கீரிப்பூச்சியின் முட்டை வாய்க்குள் போவதால்தான் பூச்சி வருகிறது.

குடலில் வாழும் மற்ற புழுக்கள் பெரும்பாலும் உள்ளேயே முட்டையிட்டு, அதை மலத்தோடு அனுப்பிவிடும். உருண்டைப்புழு அப்படித்தான். அதன் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் அடுத்த ஆளைத் தொற்றும். கீரிப்பூச்சிக்கு மண்ணே வேண்டாம். பெருங்குடலின் தொடக்கத்தில் குடியிருக்கும் பெண் புழு, உடம்பு நிறைய முட்டையைச் சுமந்துகொண்டு, குழந்தை தூங்கிய பிறகு குடல் வழியே ஊர்ந்து வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் மடிப்புகளில் முட்டையிடுகிறது. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் ஒரு புழு இடும் முட்டை பத்தாயிரத்தைத் தொடும். இட்டு முடித்ததும் பெரும்பாலும் செத்துவிடும். முட்டைகள் ஒரு பிசுபிசுப்போடு தோலில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பிசுபிசுப்பும் புழு ஊர்வதும் சேர்ந்துதான் அரிப்பு.

அந்த அரிப்புதான் புழுவுக்கு வண்டி. குழந்தை சொறிகிறது, முட்டை நகத்தடியில் ஏறுகிறது, விரல் வாய்க்குப் போகிறது. நேரக்கணக்கைப் பாருங்கள்: இட்ட முட்டை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும். இரவு பத்து மணிக்கு இட்டது விடியற்காலை நான்கு மணிக்குத் தயார். குழந்தை ஆறரைக்கு எழுந்து, கை கழுவாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்தால் போதும், தன் புழுவின் முட்டையையே தான் விழுங்குகிறது. மீதி முட்டைகள் ஜட்டியிலும் தலையணையிலும் போர்வையிலும் உதிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, லேசானவை. போர்வையை உதறினால் தூசியோடு பறக்கும். ஈரப்பதமும் குளுமையும் இருந்தால் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடிருக்கும். நாய், பூனைக்கு இது வராது, அவற்றிடமிருந்து நமக்கும் வராது. கடத்துவது பெரும்பாலும் மனிதக் கைதான்.

சரி, கீரிப்பூச்சிதான் என்று எப்படி உறுதி செய்வது? குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து ஆசனவாயை லேசாக விரித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று நெளிந்தால் சந்தேகமே இல்லை. தெரியவில்லையென்றால் செலோ டேப். காலையில் எழுந்ததும், மலம் கழிப்பதற்கும் கழுவுவதற்கும் முன்னால், தெளிவான டேப்பின் ஒட்டும் பக்கத்தை அந்தத் தோலில் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஆய்வகத்தில் கொடுத்தால், நுண்ணோக்கியில் ஒரு பக்கம் தட்டையான முட்டைகள் தெரியும். ஒரு நாள் எடுத்தால் தவறிப்போகலாம், அடுத்தடுத்து மூன்று காலை எடுத்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். நம் ஊரில் வழக்கமாக எழுதித் தருகிற மலப் பரிசோதனை இதற்கு உதவாது, முட்டைதான் மலத்தில் பெரும்பாலும் இருக்காதே. "மலத்தில் ஒன்றுமில்லை" என்று வந்த சீட்டை நம்பிப் பல வீடுகளில் விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அப்புறம், பல் நறநறவென்று கடிப்பதைப் பூச்சிக்கு அடையாளமாகச் சொல்வார்கள், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

இப்போது ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். யூகேஜி படிக்கும் ஐந்து வயதுப் பெண், மூன்று வயதுத் தம்பி, அப்பா, அம்மா. நான்கு பேரும் ஒரே அறையில் வரிசையாகப் படுப்பவர்கள். அரிப்பு அந்தப் பெண்ணுக்கு மட்டும். ஜூன் 1 அன்று அவளுக்கு மட்டும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். சில நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் தம்பிக்கும் அம்மாவுக்கும் புழு இருக்கிறது, அரிப்புதான் இல்லை. பெரியவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஜூன் 4 அன்று தம்பியின் தலையணையில் உருண்டு விளையாடிய அக்கா விரலை வாயில் வைக்கிறாள். விழுங்கிய முட்டை சிறுகுடலில் பொரிந்து, பெருங்குடலுக்கு இறங்கி, வளர்ந்து முட்டையிட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஜூலை நடுவில் மறுபடியும் ராத்திரி அழுகை. "மாத்திரை கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றுகிறார்கள். மாத்திரை சரியாகத்தான் வேலை செய்தது. மாதம் ஒன்றரை கழித்துத் திரும்பி வரும் அரிப்பு பழைய புழுவுடையதல்ல, புதிதாக விழுங்கியது.

அதனால்தான் வீட்டில் எல்லோரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் சாப்பிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து, அதாவது ஜூன் 15 அன்று, எல்லோரும் இன்னொரு முறை. மருந்து புழுவைக் கொல்லும், ஆனால் முட்டையையும் கொல்லும் என்று நம்ப முடியாது. முதல் மாத்திரைக்குத் தப்பியதும், அதற்குப் பிறகு விழுங்கியதும் இரண்டு வாரத்தில் இளம் புழுவாகியிருக்கும், ஆனால் இன்னும் முட்டையிடும் வயது வந்திருக்காது. அந்த இடைவெளியில் பிடித்தால் சுற்று அறுந்துவிடும். வழக்கமான அளவு 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குக் கீழே என்றாலும், வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்களே, அது போதாதா என்றால், அந்தத் திட்டம் மண் வழியாகப் பரவும் புழுக்களைக் குறிவைத்தது. ஆறு மாத இடைவெளிக்குள் கீரிப்பூச்சி பல தலைமுறை பார்த்துவிடும்.

மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குச் சில வேலைகள் உண்டு. குழந்தை எழுந்ததும் முதலில் பின்பக்கத்தைக் கழுவி, ஜட்டி மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும். இரவு இட்ட முட்டையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். சானிடைசர் பத்தாது, அது முட்டையைக் கொல்லாது. தேய்த்துக் கழுவினால்தான் போகும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இரவில் இறுக்கமான ஜட்டி போடுங்கள். போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள், அறையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். இதற்கு மேல் வீட்டையே புரட்டிப்போட்டுக் கழுவுவது வீண் வேலை என்பது என் கருத்து. கீரிப்பூச்சி வந்ததால் வீடு அழுக்கு என்று அர்த்தமில்லை, சின்னக் குழந்தைகள் சேர்ந்து இருக்கும் இடம் என்று மட்டும்தான் அர்த்தம்.

பெண் குழந்தைகளிடம் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெளியே வந்த புழு சில நேரம் வழி தவறி முன்பக்கம் போய்விடும். அங்கே அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல், சிறுநீர் போகும்போது கடுப்பு எல்லாம் வரும். சிறுநீர்த் தொற்று என்று நினைத்துப் பரிசோதித்தால் ஒன்றும் இருக்காது. அப்போது டாக்டரிடம் ராத்திரி அரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதேபோல், பகலிலும் விடாமல் அரித்தாலோ, ஆசனவாயைச் சுற்றிப் பளிச்சென்று சிவந்து வலித்தாலோ, மலத்தில் ரத்தம் பட்டாலோ அது கீரிப்பூச்சியாக மட்டும் இருக்காது. பாக்டீரியாத் தொற்றோ, வெடிப்போ, நகம் கீறிய புண்ணோ இருக்கலாம், வீட்டிலிருக்கும் பூச்சி மாத்திரையை இன்னொரு தடவை கொடுக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.