ஒத்திவைத்தது யார்?

நண்பர்கள் நடத்தும் ஒரு மாத இதழின் ஆண்டுக் கணக்கை அண்மையில் உறுப்பினர் கூட்டத்தில் வைத்தார்கள். இருப்புநிலைக் குறிப்பில், பொறுப்புகள் பக்கத்தில் ஒரு வரி: ‘ஒத்திவைக்கப்பட்ட வருவாய் – ரூ. 2,40,000’. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “ஏம்பா, இவ்வளவு பணத்த வசூல் பண்ணாம எதுக்கு ஒத்திவெச்சீங்க? யார் தரணும்?”

கணக்கு எழுதிய இளைஞர், “அது வந்துடுச்சுங்க ஐயா” என்றார்.

“வந்துடுச்சுன்னா வரவுல காட்டு. கடன் பக்கம் ஏன் வெச்சிருக்கே?”

இளைஞரின் கணக்கு சரி. பெரியவரின் கேள்விகளும் சரி. தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. இதே சொல்லை மென்பொருள்களின் தமிழ்ப் பதிப்புகளிலும் மொழிபெயர்த்த நிதிக் கட்டுரைகளிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலக் கணக்கர்கள் ‘டிஃபர்டு ரெவென்யூ’ என்கிறார்கள். ‘டிஃபர்’ லத்தீனிலிருந்து வந்தது, தள்ளிப்போடுவது என்று பொருள். ‘ரெவென்யூ’ பிரெஞ்சு வழி வந்தது, திரும்பி வருவது என்பது அதன் மூலப்பொருள். நம் ‘சந்தா’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து தங்கிவிட்ட சொல். அவ்வளவுதான், வேர் ஆராய்ச்சி இங்கே பெரிதாக உதவாது. அந்தக் கணக்கில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் சொல் பிடிபடும்.

அந்த இதழையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். சந்தா ஆண்டு அக்டோபரில், தீபாவளி மலரோடு தொடங்குகிறது. 500 பேர் அக்டோபரிலேயே முழுச் சந்தாவையும் கட்டிவிட்டார்கள். ஆக 6,00,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இதழ்க்காரர் இந்தப் பணத்துக்கு ஈடாக ஒரு பிரதியும் கொடுக்கவில்லை. ஆகவே அது இன்னும் அவருடைய வருமானம் ஆகவில்லை. 500 பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு இதழ் அனுப்பியாக வேண்டிய கடனாகத்தான் இருக்கிறது. அன்றைய குறிப்பேட்டுப் பதிவு இப்படி இருக்கும்: வங்கிக் கணக்கு பற்று, முன்கூட்டிப் பெற்ற சந்தாக் கணக்கு வரவு, 6,00,000. வருமானக் கணக்கின் பெயரே அதில் வராது.

ஒவ்வொரு மாதமும் இதழ் தபாலுக்குப் போனதும் கடனில் ஒரு பங்கு தீர்கிறது. தீர்ந்த பங்கு மட்டும் வருமானத்துக்கு நகர்கிறது: முன்கூட்டிப் பெற்ற சந்தாக் கணக்கு பற்று, சந்தா வருமானக் கணக்கு வரவு. பணம் வந்த மாதத்தைப் பார்க்காமல், வேலை முடிந்த மாதத்தில் வருமானத்தை எழுதுவதுதான் இந்தக் கணக்கு முறையின் சாரம். இலங்கையில் இதை ‘அட்டுறு அடிப்படை’ என்பார்கள். அங்கே பள்ளியிலேயே பழகிய சொல் அது. இங்கே சொன்னால் என்னவோ மசாலாப் பெயர் என்று நினைப்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். கச்சிதமாக இருக்கிறது.

சரி, மாதப் பங்கு எவ்வளவு? 1,200-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு நூறு ரூபாய் என்பதுதான் முதலில் தோன்றும். எல்லா இதழும் ஒரே மாதிரி என்றால் அது போதும். ஆனால் இந்த இதழ் கடையில் 100 ரூபாய், தீபாவளி மலர் மட்டும் 400. இந்திய நிறுவனங்களுக்கான கணக்கியல் தரநிலை 9, பத்திரிகைச் சந்தாவைப் பெயர் சொல்லியே பேசுகிறது: சந்தாவைக் காலத்தின்மேல் சமமாகப் பரப்பலாம், ஆனால் அனுப்பும் இதழ்களின் மதிப்பு மாறுபட்டால், மொத்த விற்பனை மதிப்பில் ஒவ்வொன்றும் எத்தனை பங்கோ அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். பதினோரு சாதாரண இதழும் ஒரு மலரும் தனித்தனியே வாங்கினால் 1,500 ரூபாய். சந்தா 1,200. அதாவது ஐந்தில் நான்கு பங்கு. எனவே சாதாரண இதழ் 80 ரூபாயாகவும் மலர் 320 ரூபாயாகவும் கணக்கில் ஏறும்.

மார்ச் 31 அன்று ஆறு இதழ்கள் போயிருக்கும்: ஒரு மலர், ஐந்து சாதாரண இதழ். ஆளுக்கு 720, மொத்தம் 3,60,000 ரூபாய் வருமானம். மீதி ஆறு இதழ், ஆளுக்கு 480. பெரியவர் கேட்ட 2,40,000 இதுதான். நூறு நூறாகப் பிரித்திருந்தால் மீதி 3,00,000 என்று நின்றிருக்கும். அறுபதாயிரம் ரூபாய் வருமானம் அடுத்த ஆண்டுக்குத் தவறாகத் தள்ளிப் போயிருக்கும். அதைத்தான் உண்மையில் ‘ஒத்திவைக்கப்பட்ட வருவாய்’ என்று சொல்லலாம்!

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் தள்ளிப்போடப்படுவது பணம் அன்று. அதை வருமானம் என்று ஏட்டில் எழுதுவது தள்ளிப்போகிறது. ஆங்கிலக் கணக்கர் அதை மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார், பழகிய கை. தமிழில் ‘ஒத்திவைத்தல்’ என்றால் கூட்டம் ஒத்திவைப்பு, தேர்வு ஒத்திவைப்பு, வழக்கு ஒத்திவைப்பு. நடக்க வேண்டியது நடக்கவில்லை, இன்னொரு நாள் நடக்கும். ஆகவே ‘ஒத்திவைக்கப்பட்ட வருவாய்’ என்று படிக்கிற தமிழர், வர வேண்டிய பணம் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மை நேர் எதிர்: பணம் வந்துவிட்டது, வேலைதான் பாக்கி. சொல் பொறுப்பைச் சொத்தாகக் காட்டுகிறது. கணக்கியலில் இதைவிட மோசமாக ஒரு சொல் பொய் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் ‘ஒத்தி’ என்றால் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டையோ நிலத்தையோ அனுபவிக்கக் கொடுப்பது. அந்த வரியைப் பார்த்து, இதழ்க்காரர்கள் அலுவலகத்தை ஒத்திக்கு விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சிலர் ‘ஈட்டப்படாத வருவாய்’ என்று எழுதுகிறார்கள். ‘அன்ஏர்ண்டு ரெவென்யூ’ என்ற இன்னொரு ஆங்கிலப் பெயரின் நிழல். இது முன்னதைவிடப் பரவாயில்லை, கருத்தாவது சரியான பக்கம் நிற்கிறது. ஆனால் ஈட்டாததை வருவாய் என்பது எப்படி? தவிர, உட்கார்ந்த இடத்தில் வரும் வட்டி, வாடகையைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்லைப் புழங்குகிறார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் வாசகர் தொலைந்தார்.

2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தரநிலை 115 இதை ஒப்பந்தப் பொறுப்பு என்ற பொருளில் அழைக்கிறது. அது பெரிய நிறுவனங்களுக்கானது. பொறுப்பு என்று பெயரிலேயே இருப்பது நல்லதுதான். ஆனால் இதழுக்குச் சந்தா கட்டியவரிடம் போய் ‘ஒப்பந்தம்’ என்றால் எங்கே கையெழுத்துப் போட்டோம் என்று யோசிப்பார்.

இத்தனைக்கும் சரியான சொல் வெகுகாலமாக நம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூலைப் புரட்டினால் ‘முன்கூட்டிப் பெற்ற வருமானம்’ என்றும், மன்றங்கள், சங்கங்களின் கணக்கில் ‘முன்கூட்டிப் பெற்ற சந்தா’ என்றும் இருக்கும். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் ஆங்கிலத்தில் இதே பொருளில்தான் அந்த வரியை எழுதச் சொல்கிறது. வணிகவியல் எடுத்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல், மென்பொருளைத் தமிழாக்குகிறவருக்குத் தெரியவில்லை. அகராதியைத் திறந்து முதல் சொல்லுக்கு முதல் பொருள், இரண்டாம் சொல்லுக்கு முதல் பொருள் என்று ஒட்டினால் இப்படித்தான் ஆகும். பக்கத்துத் தெரு வணிகவியல் ஆசிரியரைக் கேட்டிருக்கலாம்.

பாடநூல்காரர்கள் ‘டிஃபர்டு’ என்ற அதே சொல்லை இன்னொரு இடத்தில் எவ்வளவு அழகாகக் கையாண்டிருக்கிறார்கள் பாருங்கள். ஒரே ஆண்டில் செய்து பல ஆண்டு பயன் தரும் பெரிய விளம்பரச் செலவு போன்றவற்றுக்கு ‘நீள்பயன் வருவாயினச் செலவு’ என்று பெயர். அதில் ஒத்தியும் இல்லை, வைப்பும் இல்லை. பயன் நீள்கிறது, அதைச் சொல்லிவிட்டார்கள். அந்தத் துணிச்சல் இப்போது யாருக்கும் இல்லை. வருவாயை ஏட்டில் ஏற்பதைக்கூட ‘வருவாய் அங்கீகாரம்’ என்று எழுதுகிறார்கள், ஏதோ பல்கலைக்கழகம் கல்லூரிக்குக் கொடுப்பது போல.

பாடநூல் சொல்லிலும் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. ‘முன்கூட்டிப் பெற்ற வருமானம்’ என்பதில் பெற்றது பணம்தான், வருமானம் அன்று. ‘முன்கூட்டிப் பெற்ற சந்தா’வில் அந்தச் சிக்கலே இல்லை. சந்தா என்பது கட்டுகிற பணம். அதை முன்கூட்டி வாங்கியாயிற்று. எனவே சந்தா இருக்கும் இடத்தில் சந்தா என்றே எழுதுங்கள். மற்ற இடங்களில் ‘முன்கூட்டிப் பெற்ற கட்டணம்’ என்றால் போதும்.

சொல் தெளிவாக இருந்தால் கணக்கைச் சோதிப்பதும் எளிது. மீதியுள்ள தொகை என்பது இன்னும் அனுப்ப வேண்டிய பிரதிகள்தானே? 500 பேர், ஆறு இதழ், 3,000 பிரதி. எண்பதால் பெருக்கினால் 2,40,000. சந்தாதாரர் பதிவேட்டிலிருந்து வரும் இந்த எண்ணும் பேரேட்டு மீதியும் ஒத்துப்போக வேண்டும். பேரேட்டில் கூடுதலாக நின்றால் ஏதோ ஒரு மாதத்தின் சரிக்கட்டுப் பதிவு விட்டுப்போயிருக்கும், அல்லது பாதியில் விலகிப் பணம் திரும்ப வாங்கியவரின் தொகை இன்னும் கழியாமல் இருக்கும்.

வந்த சந்தா முழுவதையும் உடனே வருமானம் என்று எழுதிவிடும் பிழை வெளியே தெரியாமலும் போகலாம். ஆண்டுதோறும் அதே 500 பேர் என்றால், அக்டோபரிலேயே எல்லாவற்றையும் வருமானம் என்று எழுதினாலும் ஆண்டுக்கு 6,00,000, பரப்பி எழுதினாலும் 6,00,000. தொடங்கிய முதல் ஆண்டில்தான் குட்டு உடையும். 3,60,000 ஈட்டியவர் 6,00,000 ஈட்டியதாக நினைத்துப் புதுக் கணினி, அச்சுத் தாள் கையிருப்பு என்று செலவழித்திருப்பார். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அச்சுக்கூலியும் தபால்செலவும் மாதாமாதம் வரும், சந்தா ஒரு ரூபாய் வராது.

கூட்டத்தில் அந்த வரியை அங்கேயே பேனாவால் அடித்து ‘முன்கூட்டிப் பெற்ற சந்தா’ என்று எழுதி, தாளைப் பெரியவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “அப்போ நாளைக்கு பத்திரிகைய நிறுத்திட்டா இந்தப் பணத்தத் திருப்பிக் குடுக்கணும்ல? பேங்குல இருக்கா?”

இளைஞர் வங்கிப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.