“எங்கிருந்தோ பறந்து வந்தான்” என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் என்ன எழுதுவார்?

வொர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் கிளைம் பேப்பர் வேலை பார்ப்பதால் விபத்து நடந்த கையோடு அனுப்பப்படும் மெசேஜ்கள் எனக்கு நிறைய வரும். தெரிந்த அண்ணன் ஒருவர் அனுப்பியது இது:

“தம்பி, வண்டி போச்சுடா! ஒரு மினி வேன்காரன் எங்கிருந்தோ பறந்து வந்து பொத்துனு என்னை அடிச்சுட்டான், 80-ல வந்திருப்பான், கண்டிப்பா தண்ணி போட்டிருக்கான். நான் 30-ல தான் போனேன். பிரேக்கை அமுக்கினேன், டயர் கிறீச்சுன்னுச்சு. இஞ்சின்கிட்ட பச்சையா ஏதோ ஒழுகுது, எப்படியோ வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டேன்.”

இதில் அவர் பார்த்ததும் நினைத்ததும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவர் பொய் சொல்லவில்லை, பதற்றத்தில் நினைவு அப்படித்தான் வேலை செய்யும். 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் “மோதியபோது என்ன வேகம்?” என்றும் இன்னொரு குழுவிடம் “மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?” என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது அந்தக் குழுவில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள், மற்றதில் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! அதனால்தான் “பறந்து வந்தான்” என்று நாலு பேரிடம் சொல்வதற்கு முன்பே எழுதிவிடச் சொல்வேன், சொல்லச் சொல்ல வேன் இன்னும் வேகமாகிவிடும்.

சரி, அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வேன் இடதுபக்கத் தெருவிலிருந்து வெளியே வந்திருக்கிறது, அந்தத் தெரு முனையில் வேகத்தடை இருக்கிறது. அப்படியானால் 80 என்பது நடக்கவே நடக்காது. குடித்திருந்ததையும் அவர் பார்க்கவில்லை, வாடையும் வரவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டோம்.

அடுத்து, “என்னை அடிச்சான்” என்பது. அவர் காரில் உடைந்தது இடது முன் பம்பரும் ஹெட்லைட்டும், வேனில் நசுங்கியது வலது முன்கதவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்போது கார் பம்பரின் உயரமும் வேன் கதவிலுள்ள பள்ளத்தின் உயரமும் பொருந்தும், பம்பரில் வேனின் வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கும். காரின் முன்பக்கம் வேனின் பக்கவாட்டில் பட்டிருக்கிறது என்று சேதமே சொல்லும்போது பேப்பரில் வேறு மாதிரி எழுதினால், உண்மையான மீதிக் கதையின் மேலும் சந்தேகம் வந்துவிடும். யார் மேல் தப்பு என்பது வேறு விஷயம், எது எதில் பட்டது என்று மட்டும் எழுதினால் போதும்.

அந்த 30-ஐ என்ன செய்வது? வேனை முதலில் பார்த்தபோது கார் ஒரு மின்கம்பத்தின் அருகில் இருந்தது என்றார். மறுநாள் அளந்தால் கம்பத்திலிருந்து மோதிய இடம் 15 மீட்டர். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 12.5 மீட்டர் போய்விடும். மிச்சம் இரண்டரை மீட்டர்தான், காய்ந்த தார்ச்சாலையில் அந்த வேகத்தில் நிற்க 5 மீட்டர் வேண்டும். ஆக பிரேக் சத்தமும் கேட்டிருக்கும், மோதலும் நடந்திருக்கும், இரண்டும் பொருந்துகின்றன. 50-ல் போயிருந்தால் அதே ஒன்றரை நொடியில் 20 மீட்டர் தாண்டியிருக்கும், பிரேக் பிடிக்கும் முன்பே மோதியிருப்பார். ஆனால் எல்லாருக்கும் ஒன்றரை நொடியே ஆகாது, சிலருக்கு ஒரு நொடி போதும், அதனால் இந்தக் கணக்கு 30-ஐ நிரூபிக்காது, நம்பும்படி இருக்கிறது என்று மட்டும் காட்டும். எனவே “சுமார்” சேர்த்தோம்.

கடைசியில் எழுதியது இது:

“ஞாயிறு மாலை சுமார் 6.40 மணி. சாலை காய்ந்திருந்தது, வெளிச்சம் இருந்தது. காரை நான் ஓட்டினேன், உள்ளே வேறு யாரும் இல்லை. என் வேகம் சுமார் 30. மோதும்போது ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவில்லை. இடதுபக்கத் தெருவிலிருந்து ஒரு மினி வேன் சாலைக்குள் வந்தது. அதைப் பார்த்தபோது சுமார் 15 மீட்டர் தொலைவு இருந்தது. பிரேக் பிடித்து வலதுபக்கம் திருப்பினேன். என் காரின் இடது முன்பக்கம் வேனின் வலது முன்கதவில் மோதியது. வேன் எந்த வேகத்தில் வந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் காயம் இல்லை. இஞ்சின் அடியில் பச்சைத் திரவம் ஒழுகியது. அதற்குப் பிறகு காரை 4 கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வந்தேன்.”

கடைசி வரியை எடுத்துவிடலாமே என்று அண்ணன் கெஞ்சினார். பச்சையாக ஒழுகியது கூலன்ட், அது இல்லாமல் ஓட்டினால் இஞ்சின் சூடேறி அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளையலாம். ரிப்பேர் பண்ணாமல் ஓட்டி அதிகமான சேதத்துக்கு நம் ஊர் மோட்டார் பாலிசியில் பணம் கிடையாது, அது நம் பொறுப்பு என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் சூடேறியது எப்படியும் தெரிந்துவிடும், அப்புறம் பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் நியாயமாக வர வேண்டிய பணத்துக்கும் அவர் அலைய வேண்டியிருக்கும். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.