எடிட்டருக்குச் சாவி வேண்டாம், ஒரு வரி போதும்

திண்டுக்கல்லில் யூடியூபில் சமையல் சேனல் நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீடியோவைத் தொகுத்துத் தருபவர் கோவையில் இருக்கிறார். கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவரிடமும் உண்டு. அவர் புதிய கணினியில் நுழையும்போதெல்லாம் வாசகியின் கைப்பேசிக்கு ரகசிய எண் வருகிறது. நள்ளிரவானாலும் எழுந்து அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதில் 'பாத்திரம்', அதாவது role என்ற பொறுப்பு, கொடுத்தால் போதும் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய கேள்வி.

கடவுச்சொல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை: 'நீ யார்?' அதைச் சரியாகத் தட்டச்சு செய்பவர் யாராக இருந்தாலும், சர்வரின் கண்ணுக்கு அவர் திண்டுக்கல் வாசகிதான். அதே கடவுச்சொல் அவருடைய மின்னஞ்சலையும் குடும்பப் புகைப்படங்களையும் சேர்த்தே திறந்துவிடும்.

'நீ என்ன செய்யலாம்?' என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்ததில்தான் அழகே இருக்கிறது. 1971இல் பட்லர் லாம்ப்சன் என்ற கணினி அறிஞர் இதை ஓர் அட்டவணையாகக் காட்டினார். இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள், மேலே பொருட்களின் பெயர்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆள் அந்தப் பொருளை என்ன செய்யலாம் என்ற குறிப்பு. ஆட்கள் பெருகினால் கட்டங்களும் பெருகும், நிரப்பி மாளாது. அதற்கு விடையாக 1992இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குனும் பாத்திரம் என்ற இடைப்படியை முறையாக வகுத்தார்கள். உரிமைகளைப் பாத்திரத்தோடு கட்டிவிட்டு, ஆளைப் பாத்திரத்தோடு இணைத்தால் போதும். இருவரும் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். உடனடி லாபம் கேட்காத அரசுப் பணத்தில் விளைந்த சிந்தனை இது. அடிப்படை ஆய்வுக்கான நிதியை வீண்செலவு என்று வெட்டுபவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் உதாரணம்.

இனி கோவைக்காரரின் திரைக்கு வருவோம். வாசகி studio.youtube.com தளத்தில் Settings, அதில் Permissions, அதில் Invite என்று போய், எடிட்டரின் சொந்த மின்னஞ்சல் முகவரியை இட்டு, Editor (Limited) என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கிறார். அழைப்பு 30 நாள் செல்லும். எடிட்டர் அதை ஏற்றதும் சேனலின் பட்டியலில் ஒரு வரி சேர்கிறது: இன்னார், இந்தச் சேனல், இந்தப் பாத்திரம். எடிட்டர் தன் சொந்தக் கடவுச்சொல்லோடுதான் நுழைகிறார். ரகசிய எண்ணும் அவர் கைப்பேசிக்கே போகும். பிறகு அவர் ஒவ்வொரு செயலைக் கேட்கும்போதும் சர்வர் அந்த வரியைப் பார்க்கிறது. புதிய வீடியோ ஏற்றவா? சரி. தலைப்பைத் திருத்தவா? சரி. வெளியான வீடியோவை அழிக்கவா? முடியாது. வேறொருவரைச் சேர்க்கவா? முடியாது. வருமானக் கணக்கு? Limited என்பதால் அதுவும் கண்ணில் படாது. வேலையை விட்டுப் போகிறாரா, அந்த ஒரு வரியை நீக்கினால் முடிந்தது. கடவுச்சொல்லை மாற்றி எல்லாருக்கும் மறுபடி சொல்லும் வேலை இல்லை.

இதைக் கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே நுழைந்ததும் சர்வர் நம் உலாவியிடம் குக்கி என்ற சிறு அடையாளத் துணுக்கைக் கொடுத்துவைக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் போலத்தான். டோக்கனை நீட்டியவரிடம் வண்டியைக் கொடுப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில், 1.5 கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் கொண்ட கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் போல வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறக்க, அதிலிருந்த தீநிரல் குக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை, ரகசிய எண்ணும் கேட்கப்படவில்லை. சேனலின் பெயரை மாற்றிக் கிரிப்டோ மோசடி நேரலையை ஓடவிட்டார்கள்.

நம் எடிட்டரின் கணினிக்கும் இதே கதி நேரலாம். திருடனால் மோசடி வீடியோவை ஏற்ற முடியும், தலைப்புகளைக் கெடுக்க முடியும். ஆனால் பழைய வீடியோக்களை அழிக்கவோ, வாசகியை வெளியேற்றவோ, சேனலையே நீக்கவோ முடியாது. வாசகி அந்த வரியை நீக்கிவிட்டுத் துப்புரவு வேலையைத் தொடங்கலாம். Manager பாத்திரத்தைத் தாராளமாகக் கொடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தப் பாத்திரத்தில் இருப்பவர் வீடியோக்களை அழிக்கலாம், ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். வசனவரி மட்டும் எழுதுபவருக்கு Subtitle Editor போதும்.

வாசகி ஒன்றை மறக்கக் கூடாது. கோவைக் கணினியில் அவருடைய சொந்தக் கணக்கின் பழைய டோக்கன் இன்னும் உயிரோடு இருக்கிறது. எடிட்டர் அழைப்பை ஏற்ற அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கூகுள் கணக்கின் Security பக்கத்தில் Your devices பட்டியலைத் திறந்து, தன்னுடையதல்லாத ஒவ்வொரு கருவியிலிருந்தும் Sign out செய்ய வேண்டும்.